பள்ளி வாசலில் குலை லாரி: ஒரு வாசகர் கடிதம் உருவான விதம்

“இன்றைய நவீன காலக்கட்டத்தில் சாலை நெரிசல் நாளுக்கு நாள் அதிகரித்து வருகிறது என்பது வெள்ளிடைமலை.”

கடிதத்தின் முதல் வரி இதுதான். எழுதியவள் நான்காம் படிவ மாணவி. பேராக்கில் எங்கள் தோட்டப் பட்டணத்துக் கோயில் மண்டபத்தில் செவ்வாய்தோறும் மாலையில் நான் நடத்தும் எழுத்து வகுப்புக்கு வருகிறவள். இலக்கணப் பிழை குறைவு, சந்தி கூடப் பெரும்பாலும் சரியாக விழும். ஆங்கிலப் பாடத்தில் பி2 என்று ஒரு படி சொல்கிறார்களே, ஒரு கருத்தை ஏற்றும் மறுத்தும் காரணம் காட்டி எழுதக்கூடிய நிலை, தமிழில் அவள் அந்தப் படியின் வாசலில் நின்றாள். அவளுடைய தம்பி இங்குள்ள தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பள்ளி வாசலில் காலையில் கார்களும் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரிகளும் படுத்தும் பாட்டைப் பற்றி நாளிதழுக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்று அவளே சொன்னாள். நான் கொடுத்த பயிற்சி அல்ல இது. அதனால்தான் மூன்று வாரம் அந்த ஒரே கடிதத்தோடு உட்கார்ந்தோம்.

முதல் வரைவு ஏறக்குறைய இரண்டு பக்கம். வெள்ளிடைமலைக்குப் பிறகு ‘வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்’ வந்தது. அதன் பின் மேம்பாலம் கட்டப்பட வேண்டும், சமிக்ஞை விளக்கு பொருத்தப்பட வேண்டும், சாலை அகலப்படுத்தப்பட வேண்டும், போலீஸ்காரர் நிறுத்தப்பட வேண்டும். கடைசியில் ‘சம்பந்தப்பட்ட தரப்பினர் உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும்’. பள்ளியில் கொடுத்திருந்தால் நல்ல புள்ளி கிடைத்திருக்கும். அதுதான் சங்கடமே. இந்தக் கடிதத்தில் பள்ளியின் பெயரை எடுத்துவிட்டு ஈப்போவிலோ கிள்ளானிலோ இருக்கும் ஒரு பள்ளியின் பெயரைப் போட்டால் ஒரு சொல்லும் மாற வேண்டியதில்லை. ஒரு முறை நம் வாசலில் நின்று பார்த்தவள் எழுதியது என்பதற்கு அதில் தடயமே இல்லை.

“உன் தம்பியை யார் கொண்டுபோய் விடுறா?” என்று கேட்டேன்.

“அம்மா, மோட்டார்ல. சில நாள் நான்.”

“எங்க நிறுத்துவீங்க?”

“கோயில் பக்கம் நிறுத்திட்டு ரோட்டைக் கடந்து போவோம் டீச்சர். வாசல்ல நிறுத்த இடமே இருக்காது, எல்லாம் கார்.”

“லாரி எப்ப வரும்?”

அதற்கு அவளிடம் பதில் இல்லை. “எப்பவும் வரும் டீச்சர்” என்றாள்.

அடுத்த வகுப்புக்குள் எண்ணிக்கொண்டு வரச் சொன்னேன். எப்படி எண்ணுவது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். சும்மா எண்ணினால் கடைசியில் ஒரு பெரிய எண்தான் கையில் இருக்கும், அது எதையும் சொல்லாது. நோட்டில் பத்துப் பத்து நிமிடமாகக் கட்டம் போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் குலை லாரி, கார், மோட்டார், பள்ளி வேன் என்று தனித்தனி வரிசை. வண்டி போகப் போக ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் கூட்டுவது சுலபம். சாலைப் பொறியாளர்கள் வண்டி எண்ணும்போதும் நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் எண்ணுவார்கள், பெரும்பாலும் கால் மணிக் கணக்கில். நம் வாசலின் கூத்து மொத்தமே முக்கால் மணி நேரம்தான் என்பதால் பத்து நிமிடமாக வைத்துக்கொண்டோம். கடைசி வரிசை ஒன்றை நானாகச் சேர்த்தேன்: சாலையைக் கடக்கும் பிள்ளைகள்.

வியாழனும் அடுத்த செவ்வாயும் அவளும் தோழி ஒருத்தியும் தங்கள் பள்ளி வேனைத் தவறவிட்டுவிட்டுக் கோயில் திண்ணையில் நின்று எண்ணினார்கள். (அவர்கள் பள்ளியில் தாமதத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.) நோட்டைப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியம். இரண்டு நாளும் 6.50 முதல் 7.20 வரை நல்ல நெரிசல். கார்கள் இரு பக்கமும் நிற்க, நடுவில் ஒரு வண்டி போகத்தான் இடம். அந்த நேரத்தில் லாரிகளும் ஊர்ந்துதான் போயின. ஆனால் 7.20 ஆனதும் பிள்ளைகளை இறக்கிவிட்ட கார்கள் கலைந்துவிடுகின்றன, சாலை திடீரென்று திறந்துகொள்கிறது. மணி அடிப்பது 7.30க்கு. கடைசிப் பத்து நிமிடக் கட்டத்தில் வியாழன் 4 லாரி, செவ்வாய் 5 லாரி. அதே கட்டத்தில் சாலையைக் கடந்த பிள்ளைகள் 11, 14. எல்லாரும் தாமதமாக வந்தவர்கள். அந்தக் கட்டத்தின் ஓரத்தில் அவள் பென்சிலால் எழுதியிருந்தது: “ஓடுறாங்க”.

கடிதம் மாறியது இங்கேதான். நெரிசலும் ஆபத்தும் ஒன்றே என்று நினைத்துத்தான் முதல் வரைவு எழுதப்பட்டது. எல்லாரும் அப்படித்தான் பேசுகிறோம். நோட்டு வேறு கதை சொன்னது. நெரிசல் இருக்கும்போது எரிச்சல்தான் அதிகம், வண்டிகள் நடையளவு வேகத்தில் போகின்றன. நெரிசல் விட்ட பிறகு வரும் பத்து நிமிடத்தில்தான் காலிச் சாலையும் லாரியும் ஓடும் பிள்ளையும் ஒரே இடத்தில் சேர்கிறார்கள். பள்ளி வட்டாரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று பலகை இருக்கிறதுதான். லாரிக்காரர் அதைப் பார்க்கிறாரோ இல்லையோ, நெரிசலில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவருக்கு அந்த இடத்தில் கால் தானாக அழுத்தும்.

இந்த நெரிசல் ஏன் வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கடிதத்தில் அது இல்லாவிட்டாலும். லயத்தில் குடியிருந்த காலத்தில் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்கு வந்தார்கள். குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டன, பள்ளி மட்டும் தோட்டத்து ஓரத்திலேயே நின்றுவிட்டது. நாட்டில் பல தமிழ்ப்பள்ளிகளுக்கு இதே கதைதான். இப்போது பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், காரிலும் வேனிலும். ஆக வாசலை அடைப்பவர்கள் நாம்தான். முதல் வரைவில் பெற்றோரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைச் சுட்டியதும் அவள் சிரித்தாள். “அம்மா படிப்பாங்களே டீச்சர்.”

இரண்டாவது வரைவில் நோட்டு நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் இப்போது வேறு சிக்கல். ‘பொறுப்பற்ற லாரி ஓட்டுநர்கள் அதிகப் பாரத்தை ஏற்றிக்கொண்டு கண்மண் தெரியாமல் பறக்கின்றனர்’ என்று ஒரு வரி, அதோடு இரண்டு லாரிகளின் எண். எண்ணை அடித்துவிடச் சொன்னேன். வண்டி எண்ணோடு ஒருவரைக் குற்றம் சாட்ட வேண்டுமானால் அது போலீசுக்கோ சாலைப் போக்குவரத்துத் துறைக்கோ போக வேண்டிய புகார். பத்திரிகையில் வந்தால் எழுதியவரும் அச்சிட்டவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும், எந்த ஆசிரியரும் அதைப் போட மாட்டார். ‘அதிகப் பாரம்’ என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். அவளிடம் எடைமேடை இல்லை. அவள் கண்டது வேகம், அதுவும் கண்ணால் மதித்த வேகம்.

அன்று மாலை அவளை அழைத்துப்போக அவள் அப்பா வந்திருந்தார். குலை லாரி ஓட்டுகிறவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது! இதுவரை அவள் சொல்லவே இல்லை. வரைவை வாங்கி நின்றபடியே படித்தார்.

“பறக்குறதுன்னு எழுதியிருக்கு, அது பரவால்ல டீச்சர், சில பேரு பறக்கத்தான் செய்றான். ஆனா காலையில ஏன் இவ்வளவு லாரின்னு எழுதலயே?”

“ஏங்க?”

“முந்தின நாள் சாயந்திரம் வெட்டின குலை மேடையில தங்கிப்போச்சுன்னா காலையில முத வேலையா மில்லுக்குப் போகணும். வெட்டி ஒரு நாளைக்குள்ள அவிக்கணும், இல்லாட்டி எண்ணெய் தரம் இறங்கிடும். பாரத்தோட இருக்கிற லாரி நெனச்ச இடத்துல நிக்காது. அதை எழுதுங்க.”

அவர் சொன்னது சரியான விவரம். செம்பனைப் பழம் அடிபட்டுத் தாமதிக்கத் தாமதிக்க எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும். அதனால் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் அவித்துவிட வேண்டும் என்று தோட்டங்கள் அவசரப்படுகின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘லாரிகளைத் தடை செய்ய வேண்டும்’ என்று எழுத அவளுக்கே கை வரவில்லை. எழுத்தில் ஒரு படி ஏறுவதை நான் அந்த நிமிடத்தில் பார்த்தேன் என்பேன். எதிர்ப்பக்கத்தின் காரணம் உண்மை என்று தெரிந்த பிறகும் தன் கோரிக்கையை விடாமல், அதற்கேற்ப அதைச் சிறிதாக்கி நிற்க வைப்பது. ‘இருப்பினும்’, ‘ஆயினும்’ என்ற சொற்களை நான் வகுப்பில் ஆயிரம் முறை எழுதிப் போட்டிருக்கிறேன். ஒப்புக்கொள்ள ஏதாவது இருந்தால்தான் அந்தச் சொற்களுக்கு வேலை.

அடுத்தது யாரிடம் கேட்பது. முதல் வரைவின் எல்லாக் கோரிக்கையும் ‘பட வேண்டும்’ என்றே முடிந்தது. கட்டப்பட வேண்டும், பொருத்தப்பட வேண்டும். தமிழில் இந்தச் செயப்பாட்டு வினை மரியாதையாகத் தோன்றும், ஆனால் செய்கிறவன் அதற்குள் ஒளிந்துகொள்வான். யார் கட்ட வேண்டும்? அவளுக்குத் தெரியவில்லை, அதனால்தான் அந்த வினை. சாலை யாருடையது என்று கண்டுபிடிக்க கிலோமீட்டர் கல்லைப் பார்த்தால் போதும் என்றேன். வெறும் எண் இருந்தால் கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை. வண்டி எண்ணில் வரும் அதே எழுத்துதான், பேராக்கு என்றால் A, சிலாங்கூர் என்றால் B, கெடா என்றால் K. நம் வாசல் கல்லில் A இருந்தது. ஆக இது மாநிலச் சாலை, பராமரிப்பது மாவட்டப் பொதுப்பணி இலாகா, ஜே.கே.ஆர். பள்ளியைத் தாண்டி இடது பக்கம் திரும்பும் செம்மண் பாதை தோட்டத்துக்குச் சொந்தம், அதற்கும் அரசாங்கத்துக்கும் தொடர்பில்லை.

இந்த ஒரு விவரம் கோரிக்கைகளை நான்கிலிருந்து ஒன்றாக்கியது. மேம்பாலமும் சாலை அகலமும் ஜே.கே.ஆர். செய்யலாம், ஆனால் அவள் தம்பி இடைநிலைப்பள்ளி முடிப்பதற்குள் நடக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். லாரி எப்போது குலை ஏற்றும் மேடையை விட்டுக் கிளம்புகிறது என்பதோ தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதற்குப் பணம் வேண்டாம், டெண்டர் வேண்டாம், ஒரு உத்தரவு போதும். அழிந்துபோன வரிக்குதிரைக் கோட்டைப் பற்றி ஜே.கே.ஆருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினோம். அதை நாளிதழ்க் கடிதத்தில் சேர்க்கவில்லை. ஒரு கடிதத்தில் இரண்டு பேரிடம் கேட்டால் இருவரும் அடுத்தவரைப் பார்ப்பார்கள்.

மூன்றாவது வரைவை முழுதாகத் தருகிறேன்.

“ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகளுக்கு ஆபத்தான நேரம் காலை 7.20 முதல் 7.30 வரையிலான பத்து நிமிடம். பள்ளி நாட்களில் 7.00 முதல் 7.30 வரை மட்டும் குலை லாரிகளைப் பள்ளியின் முன் செல்லாமல் தோட்ட நிர்வாகம் நிறுத்தி வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

நானும் என் தோழியும் இரண்டு காலை வேளைகளில் வாசலில் நின்று எண்ணினோம். 7.20 வரை கார்கள் இரு பக்கமும் நிற்பதால் எந்த வண்டியும் வேகமாகப் போக முடிவதில்லை. கார்கள் கலைந்ததும் சாலை திறந்துகொள்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு நாள் 4 லாரிகளும் இன்னொரு நாள் 5 லாரிகளும் சென்றன. அதே நேரத்தில் 11 பிள்ளைகளும் 14 பிள்ளைகளும் சாலையைக் கடந்தார்கள். மணி அடித்துவிடும் என்ற பயத்தில் பெரும்பாலோர் ஓடினார்கள்.

நெரிசலுக்குக் காரணம் லாரிகள் அல்ல, பெற்றோர்களாகிய நாங்கள்தான். என் தம்பியைப் பள்ளியில் விடும் எங்கள் குடும்பமும் அதில் அடக்கம். கோயில் திடலில் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துவரப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்பாடு செய்தால் பலர் ஒத்துழைப்பார்கள்.

வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்பதை அறிவேன். என் அப்பா குலை லாரி ஓட்டுநர். அரை மணி நேரத் தாமதத்தில் குலை கெட்டுவிடாது என்று அவரே சொன்னார்.”

கடைசி வரியில் முடித்தது அவள் யோசனை. நான் ஒரு நன்றி வரி சேர்க்கச் சொன்னேன், கேட்கவில்லை. இப்போது பார்த்தால் அவள் செய்ததுதான் சரி. பெயர், அடையாள அட்டை எண், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் தனித் தாளில் போயின. பத்திரிகையில் பெயர் வேண்டாம், ‘நான்காம் படிவ மாணவி’ போதும் என்று ஒரு குறிப்பு. அப்பாவின் வேலையை நினைத்து அவர்கள் வீட்டில் எடுத்த முடிவு அது. வாசகர் கடிதத்துக்கு ஆசிரியர் குழு எழுதியவரை அறிந்திருந்தால் போதும், வாசகர் அறிய வேண்டியதில்லை.

கோரிக்கையை முதல் பத்தியிலேயே வைத்ததற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் இடம் குறைந்தால் கடிதத்தைக் கடைசியிலிருந்துதான் வெட்டுவார்கள். பள்ளிக் கட்டுரைப் பழக்கத்தில் முன்னுரை, கருத்து, முடிவு என்று எழுதினால் வெட்டுப்படுவது முடிவு, அதாவது கோரிக்கை. பத்து நாள் கழித்துக் கடிதம் வெளிவந்தபோது அப்படித்தான் நடந்தது. முதல் இரண்டு பத்தியும் அப்படியே இருந்தன. பெற்றோரைப் பற்றிய பத்தி ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது. கடைசிப் பத்தி இல்லவே இல்லை. மேலே தலைப்பு: ‘பள்ளி அருகே லாரிகளால் ஆபத்து: மாணவி குமுறல்’.

“நான் எங்க டீச்சர் குமுறினேன்?” என்றாள்.

இந்த வெட்டை நான் முன்கூட்டியே கணித்திருக்க வேண்டும். கோரிக்கையைக் காப்பாற்றினோம், ஒப்புதலைக் காப்பாற்றவில்லை. அப்பாவைப் பற்றிய வரி போனதால் கடிதம் லாரிக்காரர்களுக்கு எதிரான கடிதமாகிவிட்டது. முச்சந்திச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு ஓட்டுநர்கள் அதைச் சத்தமாகப் படித்து, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார்களாம். அப்பா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாராம். எதிர்ப்பக்கத்தின் நியாயத்தைத் தனிப் பத்தியாக வைத்தால் அது தனியாக வெட்டுப்படும். கோரிக்கை இருக்கும் அதே வாக்கியத்தில் அதைப் பின்னிவிட்டிருந்தால் ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் தோட்ட நிர்வாகத்துக்கு நேராக அனுப்பிய கடிதத்தில் அப்படிச் செய்தோம்: “வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலையில் சேர வேண்டியிருப்பதை அறிந்தே, பள்ளி நாட்களில் 7.00 முதல் 7.30 வரை மட்டும் லாரிகளை மேடையிலேயே நிறுத்தி வைக்கும்படி கேட்கிறோம்.” அவள் கையால் எழுதிய வாக்கியம், ஒரு சொல்லும் நான் தொடவில்லை. நாளிதழ் நறுக்கையும் நோட்டுப் பக்கத்தின் நகலையும் உடன் வைத்தார்கள்.

நிர்வாகத்திலிருந்து சங்கத் தலைவருக்கு அழைப்பு வந்தது. நோட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம்: எந்தெந்த நாள், எந்தப் பக்கமாகப் போகும் லாரி, காலியா பாரமா. காலியா பாரமா என்பதை நாங்கள் எண்ணவில்லை. அடுத்த முறை எண்ணும்போது அதற்கும் ஒரு வரிசை வேண்டும். பள்ளி விடுமுறை வரை அந்த அரை மணி நேரத்தைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள், எழுத்தில் ஒன்றும் தரவில்லை. கோயில் திடல் ஏற்பாடு ஒரு வாரம் நடந்தது, பிறகு மழை வந்து திடல் சேறாகி, கார்கள் மறுபடி வாசலுக்கு வந்துவிட்டன. ஜே.கே.ஆர். கடிதத்துக்குக் கிடைத்துவிட்டது என்ற பதில் மட்டும் வந்திருக்கிறது. வரிக்குதிரைக் கோடு இன்னும் அழிந்தே கிடக்கிறது.

லாரிகள் காத்திருக்கின்றன. மேடையில் நிற்கச் சலிப்பதால் சிலர் செம்மண் பாதை முடியும் இடம் வரை வந்து வரிசையாக நிற்கிறார்கள். அவள் அப்பா அங்கே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பள்ளி மணி காதில் விழுந்த பிறகுதான் எஞ்சினை முடுக்குவார் என்று சொன்னாள்.